தட்டிக்கொடுக்கும் கையும் தாழ்ப்பாள் போடும் கையும்

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை குழி வெட்டியபோது இடைக் கற்காலக் கருவிகள் கிடைத்தன. ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவன் அங்கே உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறான். அவன் தலைமாட்டில் நின்று ‘டார்கெட் என்னாச்சு?’ என்று கேட்டவனின் எலும்பு எதுவும் அகப்பட்டதாகத் தெரியவில்லை. நாகரிகம் அப்போது அவ்வளவு வளரவில்லை போலும்.

இப்போது வளர்ந்துவிட்டது. அதே வட்டாரத்தில் காரும் பைக்கும் செல்போனும் பிரிட்ஜும் ஷிப்டுக்கு ஷிப்ட் இறங்குகின்றன. அவற்றோடு ஆண்டுக்கு இரண்டு முறை தலைமைப் பண்புப் பயிற்சியும் இறங்குகிறது. குளிரூட்டிய அறை, முந்திரி பிஸ்கட், கழுத்தில் மைக்கை மாட்டிய பயிற்சியாளர். டீம் லீடர்களை வட்டமாக உட்கார வைத்து, கடைசியில் ஒரு கட்டுரையும் எழுதச் சொல்கிறார்கள்: ‘உணர்வு நுண்ணறிவையும் சேவைத் தலைமையையும் கட்டளை நிர்வாகத்தோடு ஒப்பிடுக. இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.’ எல்லா விடைத்தாளும் ஒரே அச்சு. பழைய மேனேஜர் கத்துவார், புதியவர் கேட்பார். பழையவர் விரல் நீட்டுவார், புதியவர் தோளைத் தட்டுவார். ஆகவே புதியவரே சிறந்தவர். எல்லாருக்கும் முழு மதிப்பெண், ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம்.

அதே தலைப்பில் நானும் ஒரு விடை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தைத் தாண்டும், மதிப்பெண்ணும் தேவையில்லை.

முதலில் ‘கேட்கும் தலைமை’ லைனில் எப்படி இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். லைன் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை தொங்கும். அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே பச்சை, மஞ்சள், சிவப்பு முகங்கள். இன்றைக்கு மனம் எப்படி இருக்கிறதோ அந்த முகத்தை ஒட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண் சிவப்பை ஒட்டுகிறாள். டீம் லீடர் பயிற்சியில் சொன்னபடி கண்ணைப் பார்த்துக் கேட்கிறார்: ‘என்னம்மா ஆச்சு?’ ‘ராத்திரி தூங்கல சார். வயித்து வலி. ஸ்டேஷனை விட்டு ஒரு பத்து நிமிஷம் போகணும்.’ ‘புரியுதும்மா. உன் கஷ்டம் எனக்குப் புரியுது.’ மணி அடிக்கிறது, கன்வேயர் நகர்கிறது. புரிதல் கொடுக்கப்பட்டுவிட்டது, பத்து நிமிடம் கொடுக்கப்படவில்லை. மறுநாள் முதல் அவள் பச்சையைத்தான் ஒட்டுகிறாள். சிவப்பு ஒட்டினால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எச்.ஆர். மேடம் கூப்பிட்டு ஆறுதல் சொல்வார், சோறு ஆறிப்போகும். மாதக் கடைசியில் பலகை முழுக்கப் பச்சை. அதைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சியில் அதைச் சொல்லித்தருவதில்லை. ஒரு லைனில் அறுபது பேர் என்று வையுங்கள். சாப்பாட்டு இடைவேளை போக, ஒவ்வொருவரும் ஷிப்டில் இரண்டு முறை பத்துப் பத்து நிமிடம் ஸ்டேஷனை விட்டுப் போய்வர வேண்டும். மொத்தம் 1,200 நிமிடம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் இரண்டரை வரும். அந்த லைனுக்கு மூன்று ரிலீவர்கள் வேண்டும், அதுவும் எல்லா ஸ்டேஷன் வேலையும் தெரிந்தவர்களாக. மூன்று பேர் இருந்தால் அந்தப் பெண்ணிடம் டீம் லீடர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ‘போ’ என்று சொன்னாலும் அவள் போய்வருவாள். இல்லையென்றால் அவர் புத்தரே ஆனாலும் அவள் நின்றபடிதான் இருப்பாள். அந்த மூன்று பேரைச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்துப் போடும் அதிகாரம் டீம் லீடருக்குக் கிடையாது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் இந்தப் பயிற்சிக்கு வருவதுமில்லை.

ரிலீவர் இல்லாத லைனை எப்படிக் கண்டுபிடிப்பது? காலை பத்தரை மணிவாக்கில் போய்ப் பாருங்கள். டீம் லீடர் தன் இடத்தில் இருக்க மாட்டார். யாரோ கழிப்பறைக்குப் போன இடத்தில் அவரே ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருப்பார். அவர் பார்க்க வேண்டிய தரக் கோளாறும் தீர்க்க வேண்டிய தகராறும் அப்படியே கிடக்கும். எச்.ஆர். அதைப் படம் எடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறது: ‘களத்தில் இறங்கி வேலை செய்யும் நம் தலைவர்!’ ஆள் பற்றாக்குறைக்கு இவ்வளவு அழகான பெயர் வேறு எந்த நாட்டிலாவது வைத்திருப்பார்களா, தெரியவில்லை.

சேவைத் தலைமை என்ற கருத்தை ஊருக்குச் சொன்னவர் ராபர்ட் கிரீன்லீஃப். அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. தொலைபேசிக் கம்பெனியில் 1926 முதல் 1964 வரை வேலை பார்த்துவிட்டு, 1970இல் அந்தக் கட்டுரையை எழுதினார். நல்ல மனிதர். தலைமைக்கு அவர் ஒரு சோதனையும் வைத்தார். உன் கீழ் இருப்பவர்கள் முன்பைவிட ஆரோக்கியமாக, விவரமாக, சுதந்திரமாக, தன் காலில் நிற்பவர்களாக ஆகிறார்களா? கடைசிப் படியில் இருப்பவனுக்கு இதனால் என்ன நேர்ந்தது? நம் பயிற்சியாளர்கள் அவர் படத்தைத் திரையில் போடுகிறார்கள், இந்தச் சோதனையை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். தொழிலாளி தன் காலில் நிற்க ஆரம்பித்தால் முதல் வேலையாக எங்கே போய் நிற்பான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே ஏ.டி. அண்ட் டி.யின் துணை நிறுவனமான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக், சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையில் 1936இல் ஒரு திட்டம் தொடங்கியது. தொழிலாளியின் குறையைக் காது கொடுத்துக் கேட்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். அவர்கள் லைன் லைனாகப் போய்க் கேட்பார்கள். எதிர்த்துப் பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள், பிறரிடம் சொல்லவும் மாட்டார்கள். முக்கியமாக, கேட்ட குறையைத் தீர்க்க எதையும் செய்ய மாட்டார்கள். செய்யக் கூடாது என்பதே விதி. இருபது ஆண்டு அது நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான், 1935இல், முதலாளியே நடத்தும் சங்கங்களை அமெரிக்கா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. கைப்பாவைச் சங்கம் போனது, கைப்பாவைக் காது வந்தது. ஒரகடத்தின் முகப் பலகைக்கும் அந்தக் காதுக்கும் ரத்த சம்பந்தம் உண்டு.

அப்படியானால் கத்துகிற மேனேஜரே மேலா? அப்படியும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பிடச் சொல்லியிருப்பதால் அவருக்கும் உரிய நியாயத்தைச் செய்ய வேண்டும். பிரஸ் ஷாப்பில் ஒருவன் கை டைக்குள் இருக்கும்போது ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று யாரும் கேட்கக் கூடாது. ‘நிறுத்து!’ என்று கத்த வேண்டும். உணர்வு நுண்ணறிவைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்த டேனியல் கோல்மனே 2000இல் எழுதிய கட்டுரையில் ஆறு வகைத் தலைமையை எடுத்துக்கொண்டு, மிரட்டி வேலை வாங்கும் வகை பணிச்சூழலை மோசமாகக் கெடுக்கிறது என்றவர், நெருக்கடியில் அதற்கும் இடம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். கேள்வி, கட்டளை இருக்கலாமா என்பதல்ல. கட்டளை யார் வாயிலிருந்து வரலாம் என்பதுதான். டொயோட்டா ஆலையில் லைன் நெடுகக் கயிறு தொங்கும். கோளாறு கண்டால் கடைசித் தொழிலாளி அதை இழுப்பார். டீம் லீடர் அவரிடம் ஓடி வர வேண்டும். குறித்த இடத்துக்கு வண்டி நகர்வதற்குள் தீராவிட்டால் லைன் நிற்கும். தொழிலாளி கூப்பிடத் தலைவன் ஓடி வருவது: சேவைத் தலைமையை இரும்பிலும் கயிற்றிலும் செய்தால் அப்படித்தான் இருக்கும். நம் ஊரில் கயிறோ பொத்தானோ வைத்திருக்கும் ஆலைக்குப் போனால் ஒரு ஷிப்டில் எத்தனை முறை இழுத்தார்கள் என்று கேளுங்கள். ‘ஒரு முறைகூட இல்லை சார்’ என்று பெருமையாகச் சொன்னால், அங்கே கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயம் நன்றாக வேலை செய்கிறது.

ஒரகடத்தில் கருணைக்கு ஒரு முறை அளவே குறித்தார்கள். 2021 மே, கோவிட் இரண்டாம் அலை. ரெனோ நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. அடுத்தடுத்து நகரும் காருக்குள்ளும் பக்கத்திலும் ஆட்கள் உரசி நிற்கும்போது இடைவெளி எங்கே என்று கேட்டது. விதிகளைப் பின்பற்றுகிறோம் என்றது நிர்வாகம். தொழிலாளர்கள் வேலைக்கு வர மறுத்தார்கள், ஆலை சில நாள் நின்றது. பிறகு அரசின் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி நேரில் போய்ப் பார்த்து, நெரிசலான பகுதிகளில் மூன்று காருக்கு ஓர் இடத்தைக் காலியாக விடச் சொன்னார். மூன்றுக்கு ஒன்று. அந்தக் காலி இடம் கன்வேயரில் நகர்ந்து போகும்போது அதற்கு முகமில்லை, புன்னகையில்லை, தோளைத் தட்டும் கையுமில்லை. ஆளுக்கு ஆள் மூச்சு விட இடம் இருந்தது. அதை வாங்கித் தந்தது எந்த வகுப்பும் அல்ல, சங்கமும் வழக்கும் வேலை மறுப்பும்தான்.

இனி சுங்குவார்சத்திரம். இந்தக் கட்டுரைத் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இந்தியாவில் வேறு இல்லை.

சாம்சங் ஆலை 2007 முதல் அங்கே பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் செய்கிறது. நிரந்தரத் தொழிலாளர் ஏறக்குறைய 1,800 பேர். 2024 நடுவில் அவர்கள் சி.ஐ.டி.யு. துணையோடு சங்கம் அமைத்தார்கள். சராசரிச் சம்பளம் மாதம் 25,000 ரூபாய். அதை மூன்றாண்டில் 36,000 ஆக்கக் கேட்டார்கள். ஒரு பொருளைப் பத்துப் பதினைந்து வினாடியில் முடிக்கச் சொல்கிறார்கள், நாலைந்து மணி நேரம் இடைவெளி இல்லாமல் நிற்க வைக்கிறார்கள் என்று சங்கத் தலைவர் முத்துக்குமார் குற்றம் சாட்டினார். கம்பெனி அதை மறுத்தது. இந்த வட்டாரத்தில் இதே வேலைக்குத் தரும் சராசரியைவிட 1.8 மடங்கு தருகிறோம் என்றும் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரன் பட்டினி போடுகிறான் என்பதையே நம் வீட்டுச் சாப்பாட்டின் சிறப்பாகச் சொல்வது ஒரு தனித் திறமை.

ஆனால் சண்டை முற்றியது சம்பளத்தில் அல்ல, சங்கத்தின் பெயரில். ‘சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்’ என்று பதிவு செய்யப் போனால், எங்கள் வணிகப் பெயரை நீங்கள் வைக்கக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. கவனியுங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ‘நாம் எல்லாரும் ஒரே குடும்பம்’ என்பார்கள். குடும்பத்துப் பிள்ளை அப்பன் பெயரை இனிஷியலாகப் போட்டால், வர்த்தக முத்திரை மீறல். யூனிபார்ம் சட்டையில் அந்தப் பெயரை மார்பில் சுமக்கலாம், லெட்டர்பேடில் போடக் கூடாது.

2024 செப்டம்பர் 9 அன்று ஏறக்குறைய 1,500 பேர் வேலையை நிறுத்திப் பந்தலில் உட்கார்ந்தார்கள். அடுத்த 37 நாளில் நடந்ததைத் தலைமைப் பயிற்சியில் பாடமாக வைக்கலாம். ‘வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை, வேலையும் போகும்’ என்று நோட்டீஸ். ஆலைப் பக்கம் போராடக் கூடாது என்று காஞ்சிபுரம் நீதிமன்றத்தில் மனு. ஆட்சியர் அலுவலகத்துக்குப் பேரணி போகக் கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்டோர் காவலில். இதெல்லாம் பழைய கட்டளை நிர்வாகம், சந்தேகமில்லை. கூடவே புதியதும் நடந்தது. பேசுவதற்கு நாங்கள் தயார், ஆனால் உள் பணியாளர் குழுவோடுதான் பேசுவோம் என்றது நிர்வாகம். அக்டோபர் 7 அன்று, பந்தலில் இருந்தவர்களை விட்டுவிட்டு, அந்தக் குழுவோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. மாநில அமைச்சர்களும் அதை வரவேற்றார்கள். அடுத்த மார்ச் வரை மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐந்து வழித்தடங்களில் மட்டும் ஓடிய ஏ.சி. பேருந்து இனி 108 வழித்தடங்களிலும். பணியில் இறந்தால் குடும்பத்துக்கு உடனே ஒரு லட்சம்.

கேட்டது ஒன்று: எங்கள் சங்கத்தோடு பேசு. கிடைத்தது ஏ.சி. பேருந்து. உணர்வு நுண்ணறிவு என்றால் இதுதான். எதிரில் இருப்பவனுக்கு எங்கே வலிக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை விட்டு மற்ற எல்லா இடத்திலும் தைலம் தடவுவது. ஒப்பந்தமான இரண்டே நாளில், அக்டோபர் 9 அன்று, போலீஸ் பந்தலைப் பிரித்துப் போட்டது. தைலமும் தடியும் ஒரே வாரத்தில். இரண்டையும் எதிர் எதிராக வைத்து ஒப்பிடச் சொல்கிற பயிற்சியாளர் ஐயா, சுங்குவார்சத்திரத்தில் இவை இரண்டும் ஒரே உடம்பின் வலக்கை, இடக்கை. உங்கள் கேள்வியே தப்பு.

இந்தக் கம்பெனியின் சொந்த ஊரிலும் கதை இதுதான். சங்கமே இல்லாமல் ஆலை நடத்துவதைப் பல்லாண்டு கொள்கையாக வைத்திருந்தார்கள். 2020 மே மாதம் வாரிசு லீ ஜே யோங் சியோலில் கேமராக்களின் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டு, இனி அந்தக் கொள்கை இல்லை என்று வாக்குக் கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்துத் தமிழ்நாட்டில் பெயர்ப் பலகைக்கு ஆட்சேபம். மன்னிப்பு இன்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தது போலும்.

சட்டமும் ஒன்றும் சளைத்ததல்ல. முதலாளி தானே தன் ஆதரவில் சங்கம் உண்டாக்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. அதே சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் பணிக்குழு வைக்கவும் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்றது, முதலாளி அதை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் உண்டு, அது பேசினால் யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்தச் சந்தில்தான் இத்தனை ‘கேட்கும் தலைவர்’களும் குடியிருந்தார்கள்.

அக்டோபர் 15 அன்று அரசு முன்னிலையில் பேசி, பழிவாங்கல் கூடாது என்ற உறுதியோடு வேலைநிறுத்தம் முடிந்தது. வழக்கு நடந்து, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் அதே பெயரில் பதிவானது. அடுத்த வாரமே, பிப்ரவரி தொடக்கத்தில், சங்க நிர்வாகிகள் மூன்று பேர் சஸ்பெண்ட். மேலதிகாரியைச் சந்திக்கப் போனதுதான் குற்றம் என்றது சங்கம், ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம். பயிற்சி அறையில் ‘என் கதவு எப்போதும் திறந்தே இருக்கும்’ என்று எழுதிய போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். கதவு திறந்திருப்பது உண்மைதான். உள்ளே போய்ப் பார்த்தவர்களைத்தான் வெளியே காணோம். தோழர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்தார்கள், சஸ்பெண்ட் ஆனவர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியது, மார்ச்சில்தான் போராட்டம் ஓய்ந்தது.

இதற்கெல்லாம் நடுவில் டீம் லீடர் எங்கே இருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. இருபத்தெட்டு வயதுப் பையன், டிப்ளமா, படப்பையில் வாடகை வீடு. மேலிருந்து எண்ணிக்கை வரும், கீழிருந்து முனகல் வரும், இரண்டையும் முகத்தில் காட்டாமல் இருப்பதற்குத்தான் அவனுக்குப் பயிற்சி. சம்பளத்துக்காக முகத்தைச் சிரித்தபடி வைத்திருப்பதும் ஓர் உழைப்புதான் என்று ஆர்லி ஹாக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார். விமானத்தில் பயணியிடம் சிரித்தால் போதும். இங்கே அவன் தன் ஊர்க்காரனிடம், கூடப் படித்தவனிடம், ‘அண்ணே, சங்கத்துல சேராதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்’ என்று சிரித்தபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு ஓவர்டைம் கிடையாது.

2025 மே மாதம் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றாண்டில் மாதம் 18,000 ரூபாய் உயர்வு. அதில் 9,000 முதல் ஆண்டே. கையெழுத்துப் போட்டது உள் பணியாளர் குழு அல்ல, எந்தப் பெயரை வைக்கக் கூடாது என்றார்களோ அந்தப் பெயரிலேயே பதிவான சங்கம். ஏழு மாதம் முன்பு பந்தலில் உட்கார்ந்திருந்தபோது அவர்கள் மூன்றாண்டுக்குக் கேட்ட உயர்வு 11,000. 2024 செப்டம்பரில் கூப்பிட்டுப் பேசியிருந்தால் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பதை, அடுத்த பயிற்சிக்கு வரும் டீம் லீடர்களுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம். இரண்டு பக்கத்துக்கு மிகாமல்.